பொங்கலுக்குக் கடை லீவு: ஷட்டரில் என்ன எழுதுவது?

கேள்வி: ஐயா, ராயக்கோட்டை பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறோம். மூட்டைத் தீவனம், தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு, கயிறு எல்லாம் விற்கிறோம். இந்த 2026 பொங்கலுக்கு ஜனவரி 14 முதல் 18 வரை கடையை மூடிவிட்டு என் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். போன வருஷம், "பொங்கல் பண்டிகையை முன்னிட்டு 5 நாட்கள் கடை விடுமுறை. வாடிக்கையாளர்கள் பொறுத்தருளவும். அதன்பின் வழக்கம்போல் இயங்கும்" என்று எழுதி ஷட்டரில் ஒட்டினோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தோம். அப்படியும் தினமும் போன் வந்துகொண்டே இருந்தது. திறந்த பிறகு இரண்டு மூன்று பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் கடையையே மாற்றிவிட்டார். இந்த வருஷம் அறிவிப்பு வாசகத்தை எப்படி எழுதுவது?
ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

வணக்கம் அம்மா. உங்கள் வாசகத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தேதிதான் இல்லை. பொங்கலன்று வந்து ஷட்டர் முன்னால் நிற்கிறவர் அந்த ஐந்து நாளைப் போகியிலிருந்து எண்ணுவாரா, அன்றிலிருந்து எண்ணுவாரா? ஒட்டிய நாள் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உடனே போனை எடுத்துவிடுவார். போன வருஷம் வந்த போன்களில் பாதிக்கு மேல் "எப்போ திறப்பீங்க" என்றுதான் இருந்திருக்கும்.

ஆனால் தேதி போட்டால் மட்டும் சண்டை தீர்ந்துவிடாது. நான் தீவன விற்பனை வேலையில் தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் என்று சுற்றிய காலத்தில், பண்டிகை முடிந்த வாரம் கடைகளுக்குப் போனால் எல்லா இடத்திலும் ஒரே புகார்தான் காதில் விழும்: "மூடப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மூட்டை சேர்த்துப் போட்டிருப்பேனே." ஜவுளிக்கடை ஐந்து நாள் மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. தீவனக் கடை மூடினால் அந்த ஐந்து நாளும் காலையும் மாலையும் மாடு தொட்டியைப் பார்த்து நிற்கும். அதனால் உங்களுக்கு இரண்டு அறிவிப்பு வேண்டும். ஒன்று, மூடுவதற்கு முன்னால் வாங்க வருகிறவருக்கு. இன்னொன்று, மூடிய பிறகு வந்து நிற்கிறவருக்கு. முதல் அறிவிப்பைச் சரியாகச் செய்தால் இரண்டாவதைப் படிக்க வருகிறவர்கள் பாதியாகிவிடுவார்கள்.

முதல் அறிவிப்பில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய, ஒரு மாட்டுக்கு எவ்வளவு தீவனம் தேவைப்படும் என்று பார்த்துவிடலாம். பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: கறவை மாட்டின் உடம்புத் தேவைக்கு ஒன்றரை முதல் 2 கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. நாளைக்கு 10 லிட்டர் கறக்கிற கலப்பின மாடு என்றால் 2 கிலோவும் 4 கிலோவும் சேர்த்து 6 கிலோ, அதாவது ஒரு வேளைக்கு 3 கிலோ. இப்போது உங்கள் திட்டப்படி 13ஆம் தேதி இரவு கடையை மூடுகிறீர்கள். 14 முதல் 18 வரை ஐந்து நாள், பத்து வேளை. அதோடு முடிந்துவிடுவதில்லை. 19ஆம் தேதி விடியற்காலை கறவை நீங்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே நடந்துவிடும். அதையும் சேர்த்தால் பதினொரு வேளை. ஒரு மாட்டுக்கு 33 கிலோ, இரண்டு மாட்டுக்கு 66 கிலோ. வழக்கமான 50 கிலோ மூட்டை ஒன்றை 13ஆம் தேதி வாங்கிப் போனவருக்கு 16 கிலோ பற்றாது. சனிக்கிழமை மாலை கறவையோடு மூட்டை கிட்டத்தட்ட காலி. ஞாயிறு காலைக்கு வைக்க 2 கிலோதான் மிஞ்சும். போன வருஷம் உங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றரை நாள் பள்ளத்தில் விழுந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

தீவனம் தீர்ந்துபோனவர் என்ன செய்வார்? ஓசூர் ரோட்டிலோ கிருஷ்ணகிரியிலோ திறந்திருக்கிற கடையில் கிடைத்த மூட்டையைத் தூக்கிவருவார். ஒரு தீவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும். ஒரே வேளையில் மாற்றினால் சில மாடு தின்னாமல் தள்ளும், சாணம் இளகும், பால் இறங்கும். பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான சத்து, குறைந்துவிட்டது என்பார்கள். இல்லையென்றால் வீட்டில் மிஞ்சிய பொங்கலையும் சோற்றையும் கூடுதலாக வைத்து ஒப்பேற்றுவார். இது இன்னும் ஆபத்து. வெந்த அரிசி ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால் மாட்டின் முதல் வயிறு புளித்துவிடும். வயிறு ஊதும், அசை போடாது, கழிச்சல் எடுக்கும், முற்றினால் படுத்துவிடும். மாட்டுப் பொங்கல் முடிந்தால் கால்நடை மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் வருகிற வேலை இது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லைதான். ஆனால் மாட்டுக்காரர் அதைக் கடை மூடியிருந்த நாளோடு முடிச்சுப்போட்டுத்தான் நினைவில் வைத்திருப்பார். கடையை மாற்றிய அந்த ஒருவர் வீட்டில் என்ன நடந்தது என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.

வாசகத்துக்குப் போகும் முன் உங்கள் தேதியிலேயே ஒரு சந்தேகம் கேட்கிறேன். போகியன்று மூடத்தான் வேண்டுமா? கயிறு விற்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, மணி, கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட், இதெல்லாம் வருஷத்தில் நன்றாக ஓடுகிற நாள் போகியும் அதற்கு முந்தின நாளும்தான். எருது விடும் விழாவுக்குக் காளை வளர்க்கிறவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். 14ஆம் தேதி மதியம் 1 மணி வரை திறந்து வைத்துவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடியுங்கள். அம்மா வீட்டுப் பொங்கல் பானை 15ஆம் தேதி காலையில்தானே பொங்கும். இந்த அரை நாளில் தீவனக் கணக்கிலும் ஒரு வேளை குறைகிறது. 14 மாலையிலிருந்து 19 காலை வரை பத்து வேளை, மாட்டுக்கு 30 கிலோ. சொல்லவும் எளிது, நினைவில் வைக்கவும் எளிது. பயணம் தூரமென்றால் வேண்டாம், 13 இரவே மூடுங்கள். அப்போது கீழே உள்ள வாசகத்தில் தேதியையும் கிலோவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் அறிவிப்பு இது:

பொங்கலுக்குத் தீவனம் இருக்கிறதா? பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.
கடைசி விற்பனை: 14.1.2026 புதன் (போகி), மதியம் 1 மணி வரை.
கடை மூடியிருக்கும் நாள்: 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி, 18 ஞாயிறு.
திறக்கும் நாள்: 19.1.2026 திங்கள், காலை 6.30 மணி.
10 லிட்டர் கறக்கும் மாடு ஒன்றுக்கு இந்த நாட்களுக்குச் சுமார் 30 கிலோ வேண்டும்.
வண்டியில் மூட்டை கொண்டுவந்து இறக்க வேண்டுமென்றால் 12ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

முதல் வரியில் விடுமுறை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்க வந்தவருக்கு அது இரண்டாம் பட்சம். நான்கு நாளையும் கிழமையோடு தனித்தனியாக எழுதியிருக்கிறேன். "15 முதல் 18 வரை" என்று எழுதினால் 18ஆம் தேதி காலையில் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். தேதி பார்க்காமல் கிழமை மட்டும் பார்க்கிறவர்களும் நம் ஊரில் நிறைய. கிலோ கணக்கைப் போட்டது மூட்டையைத் தள்ளிவிடுகிற தந்திரம் என்று யாராவது நினைத்தால், "வீட்டில் எவ்வளவு இருக்கிறது" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டில் பாதி மூட்டை மிச்சம் இருந்தால் ஒரு மூட்டை போதும். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு மூட்டையும் மேலே 10 கிலோ சில்லறையும். இரண்டு மூட்டையாக வாங்கிப் போனாலும் கெட்டுவிடாது. பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தை மாதப் பனியில் தரையில் கிடக்கிற மூட்டை அடியில் ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இதை எங்கே ஒட்டுவது? ஷட்டரில் ஒட்டவே கூடாது. கடை திறந்திருக்கும்போது ஷட்டர் மேலே சுருண்டு கிடக்கும். நீங்கள் போன வருஷம் ஒட்டியது கடையை மூடிய பிறகுதான் யார் கண்ணிலும் பட்டிருக்கும். முதல் அறிவிப்பு எடைத் தராசுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். மூட்டை எடை போடும்போது வாங்குகிறவர் கண் முள்ளின் மேலேயோ எண்ணின் மேலேயோதான் இருக்கும். இன்னொரு பிரதி கல்லாவில். ஒட்ட வேண்டிய நாள் ஜனவரி 5 அல்லது 6. அதற்கு முன்னால் ஒட்டினால் மறந்துபோவார்கள். 12ஆம் தேதிக்கு மேல் ஒட்டினால் கையில் பணம் இருக்காது, பொங்கல் துணிக்குப் போயிருக்கும். உங்கள் ஊர் சொசைட்டியில் பால் பணம் போடுகிற நாள் எதுவென்று உங்களுக்குத் தெரியும். அந்த நாளுக்கு முன்னால் அறிவிப்பு சுவரில் இருக்க வேண்டும். கடன் நோட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் மூட்டை கொடுப்பதா என்பதையும் அதற்குள் வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பேப்பரை நம்பி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், எழுதியதைப் படிக்க எல்லோராலும் முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் வருவார்கள். மூட்டையைத் தூக்கிவிடும்போது "பதினாலு மத்தியானம் வரைக்கும்தான் கடை, அப்புறம் திங்கட்கிழமைதான்" என்று அவரவர் பாஷையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கடையில் இருக்கிற பையனுக்கும் இதே வரியைச் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் திங்கள் என்றும் இன்னொருவர் ஞாயிறு என்றும் சொன்னால் அறிவிப்பே வீண்.

அடுத்தது, திறக்கும் நாள். போன வருஷ வாசகத்தில் எனக்குப் பிடிக்காத வரி "அதன்பின் வழக்கம்போல் இயங்கும்" என்பதுதான். பொங்கல் முடிந்த முதல் நாள் எந்தத் தீவனக் கடையும் வழக்கம்போல் இயங்குவதில்லை. லோடு இறக்குகிற ஆள் கரிநாளுக்கு அடுத்த நாளும் வரமாட்டார். எருது விடும் விழா அவர் ஊரில் இருந்தால் கேட்கவே வேண்டாம். தீவன மில்லும் மூடியிருந்து திறக்கும், லாரி டிரைவர் ஊரிலிருந்து திரும்ப வேண்டும். கடை திறந்திருக்கும், மூட்டை இருக்காது. வந்தவருக்கு ஷட்டர் மூடியிருப்பதைவிட இது எரிச்சல்.

உங்கள் கடைக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாடு வைத்திருக்கிற 20 வீடு உங்கள் நிலையான வாடிக்கை என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 19ஆம் தேதி காலை கறவைக்கு மட்டும் கணக்காக வாங்கியிருந்தால், அன்று 20 வீடும் ஆளுக்கு ஒரு மூட்டைக்கு வரும். ஒரு மூட்டை இரண்டு மாட்டுக்கு நான்கு நாள் தாங்கும். ஆகவே 20 மூட்டை இருந்தால் வியாழன் வரை லோடு வராவிட்டாலும் பெரிதாகக் கஷ்டமில்லை. அந்த 20 மூட்டையைப் பொங்கலுக்கு முந்தின கூட்டத்தில் விற்றுவிடாமல் பின்னால் அடுக்கி வைக்க வேண்டும். கையில் காசு வரும்போது இது கஷ்டம்தான். அதனால் 12ஆம் தேதிக்குள் வந்து சேருகிற மாதிரி ஒரு லோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பண்டிகைக்குப் பிறகு வரவேண்டிய லோடுக்கு மில்லில் தேதி உறுதியாகச் சொன்னால் அதையும் அறிவிப்பில் சேர்க்கலாம். "அனுப்பிடுவோம் சார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சேர்க்காதீர்கள்.

மணியைப் பற்றியும் ஒரு விஷயம். நான் 6.30 என்று போட்டது சும்மா இல்லை. 19 திங்கட்கிழமை, காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம். "8 மணிக்குத் திறக்கப்படும்" என்று எழுதிவிட்டு, வீட்டுக்காரர் ராகு காலம் கழியட்டும் என்று சொன்னால் ஒரு மணி நேரம் ஆட்கள் ரோட்டில் நிற்பார்கள். ராகு காலத்துக்கு முன்னால் எழுந்து திறக்க முடியாது என்று தோன்றினால் 9.15 என்று எழுதுங்கள். அன்றைக்குப் பிரதமை வேறு. முந்தின நாள் ஞாயிறு தை அமாவாசை. பிரதமையில் எதுவும் தொடங்க மாட்டோம் என்கிற வீடாக இருந்தால், ஞாயிறு மாலையே வந்துசேர்ந்து கற்பூரம் காட்டி, எதிரே வருகிறவருக்கு ஒரு மூட்டை விற்று, அன்றே தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் அறிவிப்பில் எழுதாதீர்கள். ஞாயிறு மாலை பஸ்ஸில் என்ன கூட்டம் இருக்கும், எத்தனை மணிக்கு வந்துசேருவீர்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. எழுதின நேரத்துக்கு முன்னால் திறந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

14ஆம் தேதி மதியம் ஷட்டரை இறக்கியதும் ஒட்ட வேண்டியது இரண்டாவது அறிவிப்பு. இதில் வரிசை மாறும். இப்போது படிக்கிறவருக்கு வாங்கும் வாய்ப்பு போய்விட்டது, அவருக்குத் திறக்கும் நாள்தான் வேண்டும்.

கடை திறப்பது 19.1.2026 திங்கள், காலை 6.30 மணி.
பொங்கல் விடுமுறை: 14 புதன் மதியம் முதல் 18 ஞாயிறு முடிய.
அவசரத்துக்குத் தீவனம் வேண்டுவோர் பக்கத்து டீக்கடையில் கேட்கவும்.
மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962க்கு போன் செய்யவும்.

முதல் வரியை மட்டும் பெரிதாக, எண்கள் ஒரு விரல் நீளத்துக்கு வருகிற மாதிரி எழுதுங்கள். தீவனம் வாங்க வருகிறவர் எக்ஸ்எல் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்ப்பார். அங்கிருந்து தெரிய வேண்டும். மற்ற வரிகள் சின்னதாக இருக்கலாம், வேண்டியவர் இறங்கி வந்து படிப்பார். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் ராயக்கோட்டைப் பனிக்கு ஒரே ராத்திரியில் மை வழிந்து 19 என்பது 10 மாதிரி ஆகிவிடும். அழியாத மார்க்கரில் எழுதி, பாலிதீன் கவருக்குள் போட்டு, திறந்த வாய் கீழே வருகிற மாதிரி நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். முடிந்தால் ஷட்டரின் மடிப்பில் ஒட்டாமல் பக்கத்துத் தூணில் ஒட்டுங்கள். தகரத்தின் மடிப்பில் டேப் நிற்காது.

டீக்கடை வரி உங்களால் ஏற்பாடு செய்ய முடிந்தால் மட்டும். நாலைந்து மூட்டையும் விலை எழுதிய சீட்டும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பணத்தை வாங்குகிறவர் உங்கள் கியூஆர் அட்டையைக் காட்டினால் கணக்குத் தகராறு வராது. ஆனால் மாட்டுப் பொங்கலன்று அவர் கடை திறப்பாரா என்று முதலில் கேளுங்கள். அவரும் மூடுகிறார் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 1962 என்பது தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கிற இலவச எண். பொங்கல் சோறு தின்று வயிறு ஊதிய மாட்டோடு யாராவது உங்கள் கடை வாசலில் வந்து நின்றால், அந்த நேரம் அவருக்கு உதவுகிற ஒரே வரி அதுதான்.

எழுதக் கூடாதது ஒன்று இருக்கிறது. "குடும்பத்துடன் வெளியூர் செல்வதால்" என்று பல கடைகளில் பார்க்கிறேன். வாங்க வருகிறவருக்கு அது தேவையில்லாத தகவல், பூட்டை உடைக்க வருகிறவருக்குத் தேவையான தகவல். பொங்கல் விடுமுறை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடும் கடையோடு சேர்ந்து இருந்தால், ஊருக்குப் போகும் முன் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்ப்பதற்காக அவர்களே அப்படிச் சொல்லச் சொல்கிறார்கள். ஸ்டேட்டஸில் பஸ் ஸ்டாண்டு போட்டோ போடுகிற வேலையும் திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.

ஸ்டேட்டஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது 24 மணி நேரத்தில் போய்விடும். உங்கள் எண்ணை அவரும், அவர் எண்ணை நீங்களும் சேமித்து வைத்திருந்தால்தான் அவருக்கே தெரியும். கடை எண்ணை மனப்பாடமாக அடிக்கிற மாட்டுக்காரருக்கு உங்கள் ஸ்டேட்டஸ் என்றைக்கும் தெரியப்போவதில்லை. வைப்பதாக இருந்தால் முதல் அறிவிப்பை 10ஆம் தேதியிலிருந்து தினமும் ஒருமுறை வையுங்கள். இரண்டாவதை 14 மதியத்திலிருந்து தினமும் புதுப்பிக்க வேண்டும். அதைவிட, கடை எண் WhatsApp Business செயலியில் இருந்தால், அதில் "Away message" என்ற இடத்தில் இரண்டாவது அறிவிப்பின் முதல் இரண்டு வரியைப் போட்டு, 14 மதியம் 1 மணி முதல் 19 காலை 6.30 வரை என்று நேரம் வைத்துவிடுங்கள். மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகப் பதில் போகும். அந்தப் போனில் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தால்தான் போகும். அம்மா வீட்டில் டவர் கிடைக்காத ஊர் என்றால் இதை நம்ப வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்திருந்தால் அந்த நான்கு நாளை மட்டும் தனியாக மூடியதாகக் குறிக்க இடம் இருக்கிறது. நிரந்தரமாக மூடப்பட்டது என்பதைத் தவறிக்கூடத் தொடாதீர்கள்.

19ஆம் தேதி வர முடியாமல் போனால்? காய்ச்சல், பஸ், துக்கம், எது வேண்டுமானாலும் வரலாம். அறிவிப்பின் தேதியை மாற்றி எழுத உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். மார்க்கரையும் ஒரு வெற்றுத் தாளையும் டீக்கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். 18ஆம் தேதி இரவுக்குள் அவருக்குப் போன் செய்து, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில் புதுத் தேதியைக் கிழமையோடு எழுதச் சொல்லுங்கள். பழைய தாளிலேயே அடித்துத் திருத்தினால் எது சரி என்று குழம்புவார்கள்.

கடை மாற்றிப்போன அந்த ஒருவருக்கும், போன வருஷம் கோபப்பட்ட மற்றவர்களுக்கும் பேப்பரையும் ஸ்டேட்டஸையும் விட்டுவிட்டு 8, 9 தேதி வாக்கில் நீங்களே போன் செய்யுங்கள். "அண்ணா, இந்தத் தடவை பதினாலு மத்தியானத்தோட மூடுறோம், திங்கட்கிழமை காலையில திறக்குறோம், உங்களுக்கு எத்தனை மூட்டை எடுத்து வைக்கட்டும்" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். போன வருஷக் கதையை நீங்களாக எடுக்க வேண்டாம்.